ஜாய்ஸின் கார்பன் புத்தகம்

ஜாய்ஸை எனக்குப் பிடிக்காது. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் ஏதோ பூமாலையோடு வந்து நிற்பவன் என்று நினைத்துவிடுவீர்கள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையை ஒட்டியிருக்கும் நீலக்கரை ரிசார்ட்டில் நாங்கள் நூற்று முப்பது பேர் வேலை செய்தோம். அவளைப் பிடிக்கும் என்று சொல்லக்கூடிய ஓர் ஆள் அதில் கிடையாது. தோட்டத்தில் படுத்திருக்கும் நாய்கூட அவள் வந்தால் எழுந்து வேறு இடம் போய்விடும். என்னைவிடப் பத்து வயது மூத்தவள், ‘அவர்’ என்று எழுதுவதுதான் மரியாதை. எழுதிப் பார்த்தேன், கை ஒத்துழைக்கவில்லை.

அறைகளைச் சுத்தம் செய்யும் பிரிவில் அவள் சூப்பர்வைசர். நான் அவளுக்குக் கீழே இருந்த பதினாறு பேரில் ஒருவன். திருக்கழுக்குன்றத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவன், பெயர் பூபாலன், யூனியன் கிளைச் செயலாளர். என் கழுத்தில் சங்கம் தொங்கியது, அவள் கழுத்தில் விசில் தொங்கியது. விசில் ஊதியதை நான் பார்த்ததில்லை. அதற்குத் தேவையே இருக்கவில்லை, அவள் குரலே போதும்.

செங்கல்பட்டில் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் அவள் வீடு. அப்பா பெஞ்சமின் பண்ணைக் கூலியாக இருந்து, பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேன் ஆனவர். அவரிடமிருந்துதான் நேரத்துக்கு மணி அடிக்கிற புத்தி இவளுக்கு வந்திருக்க வேண்டும். பத்தாவது முடித்ததும் ஒரு லாண்டரியில் வேலை, பிறகு இரண்டு ஓட்டல், பிறகு நீலக்கரை. துணி மடிக்கிறவளாகச் சேர்ந்து நாலைந்து வருடத்தில் சூப்பர்வைசர் ஆனாள். அந்தப் பதவியின் பெயரைச் சட்டையில் பித்தளைத் தகட்டில் குத்தியிருப்பாள். அதைத் தினமும் புளி போட்டுத் தேய்ப்பாள் என்று செங்கம்மாள் சொல்லிச் சிரிப்பாள். செங்கம்மாள் எங்கள் பிரிவில் குளியலறை கழுவுகிறவள். ஜாய்ஸிடம் அதிகம் அடி வாங்கியவளும் அவள்தான்.

அடி என்றால் கையால் இல்லை. மெமோ.

வேலையில் சேர்ந்த அன்றே எல்லோருக்கும் ஒரு நீல அட்டைப் புத்தகம் தருவார்கள். பணியாளர் கையேடு என்று போட்டிருக்கும், நாங்கள் ஹேண்ட்புக் என்போம். நாற்பது பக்கம், கடைசியில் கையெழுத்துப் போட்டுக் கிழித்துக் கொடுக்க ஒரு தாள். எங்களில் எவனும் அதைப் படித்தது கிடையாது. ஜாய்ஸ் அதை மனப்பாடமாக வைத்திருந்தாள். யாராவது தப்பு செய்தால், கார்பன் தாள் வைத்த ஒரு தடிப் புத்தகத்தைப் பிரித்து, எந்த விதியை மீறினாயோ அந்த விதியை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை எழுதுவாள். கீழே ‘காரணம்’ என்று ஒரு கட்டம். நாம் என்ன சொன்னாலும் அதில் ‘ஏற்கத்தக்கதல்ல’ என்று எழுதுவாள். அதற்கும் கீழே நிர்வாக முடிவுக்கு இடம். ஹெச்.ஆர். மேனேஜர் ஹர்ஷவர்தன் தண்டனையை எழுதிக் கையெழுத்துப் போடுவார். நகலிலும் போடுங்கள் சார் என்று அவரையும் விடமாட்டாள். அசல் நமக்கு, நகல் அவள் புத்தகத்துக்கு.

எனக்கு வந்த மெமோவைச் சொல்கிறேன். என் அப்பா செத்துப் பதினாறாம் நாள் காரியம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. எனக்கு வார ஓய்வு புதன். என்னோடு வேலை செய்யும் ஹேமந்துக்கு வெள்ளி. அவனும் நானும் வாய்ப்பேச்சில் மாற்றிக்கொண்டோம். யாருக்கும் நஷ்டமில்லை, எல்லா அறையும் சுத்தமாகத்தான் இருந்தது. சனிக்கிழமை மொட்டைத் தலையோடு வந்து நின்றேன்.

“விதி இருபத்திரண்டு” என்றாள் ஜாய்ஸ்.

“அப்பா காரியம் மேடம். ஐயருகிட்ட தேதிய மாத்த முடியுமா?”

“லீவு எழுதிக் குடுத்திருந்தா குடுத்திருப்பேன். நீங்களே ஆபீசு வெச்சிக்கினு நீங்களே மாத்திக்கிறீங்களே, அதுக்குத்தான் மெமோ.”

எழுதினாள். வேலையில் சேரும்போது குறித்த வார ஓய்வு நாள், பணியாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் நிர்வாகத்தால் மாற்றப்பட மாட்டாது. நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் பணியாளர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளவும் கூடாது. முழு விதியையும் எழுதி, இரண்டாவது வரியின் கீழ் கோடு போட்டாள். ஹர்ஷவர்தன் இரண்டு நாள் சம்பளமில்லாத இடைநீக்கம் கொடுத்தார். அப்பாவுக்குப் பிண்டம் வைத்த கையோடு அந்த மெமோவை வாங்கினேன். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தை இன்றைக்கும் அப்படியே வைத்திருக்கிறேன்.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. போகி அன்று விடியற்காலை, ஸ்டாஃப் வண்டி நிற்கும் இடத்துக்குப் பின்னால், அந்த வருடத்து மெமோக்களை எல்லாம் குவித்துக் கொளுத்துவோம். பழையன கழிதல் என்றால் இதுதானே. ஆராயி என்ற சமையற்கட்டு அம்மா ஒப்பாரி ராகத்தில் ஜாய்ஸைப் பாடுவாள், நாங்கள் கை தட்டுவோம். கட்டாயம் இரண்டு மூன்று மெமோவாவது செங்கம்மாளுடையதாக இருக்கும்.

அந்த வருடம் ஜனவரி எட்டாம் தேதி, நோட்டீஸ் போர்டில் ஒரு சுற்றறிக்கை ஒட்டினார்கள். பதினைந்தாம் தேதி முதல் யாருக்கும் நிலையான ஓய்வு நாள் கிடையாது. விருந்தினர் கூட்டத்தைப் பார்த்து, ஒவ்வொரு சனிக்கிழமையும் அடுத்த வாரத்து ஓய்வைக் கம்ப்யூட்டர் சொல்லும். புதிய ஹேண்ட்புக் வரப்போகிறது, பழையதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதியதற்குக் கையெழுத்துப் போட வேண்டும்.

நூற்று முப்பது பேருக்கும் வயிறு எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவர்கள், வாரத்தில் ஒரு நாள் வேறு இடத்தில் வேலை செய்து வட்டி கட்டுகிறவர்கள், ஓய்வு நாளை வைத்துத்தான் எல்லாரும் குடும்பத்தை ஓட்டினார்கள். திருப்பிக் கொடு என்கிறானா, இந்தா கொடுக்கிறோம் என்று நான்தான் ஆரம்பித்தேன். அந்தப் போகிக்கு மெமோக்களோடு சேர்த்து ஹேண்ட்புக்குகளையும் தீயில் போட்டோம். நீல அட்டை பச்சையாக எரிந்தது. ஆராயி அன்றைக்குப் பாடிய பாட்டை இங்கே எழுத முடியாது.

பத்து நாள் கழித்து வெங்கடேசன் தலையில் அடித்துக்கொண்டார். அவர் எங்கள் சங்கத்தின் ஆலோசகர். செங்கல்பட்டில் கோர்ட்டுக்கு எதிரே ஒரு மாடியில் உட்கார்ந்திருப்பார், வக்கீல் இல்லை, ஆனால் தொழிலாளர் சட்டத்தில் முப்பது வருடம் ஊறியவர். அப்போது பழைய தொழில் தகராறு சட்டமே நடப்பில் இருந்தது.

“கொளுத்தினியா? எல்லாத்தியுமா? உன் கையில இருந்த ஒரே ஆயுதத்த நீயே கொளுத்திட்டு வந்து எங்கிட்ட இன்னா கேக்கற?”

“ஹேண்ட்புக்கு இன்னா சட்டமா அண்ணாத்த? கடைசிப் பக்கத்துலயே போட்டுகீறான், நிர்வாகம் எப்ப வேணா மாத்தலாம்னு. நாங்க கையெழுத்து வேற போட்டுகீறோம்.”

“அந்த வரிய வுடு. ஹேண்ட்புக்கு ஒப்பந்தமா இல்லியான்னு கோர்ட்டுல பத்து வருசம் பேசலாம். நமக்கு அது தேவையில்ல. வார லீவு, வேலை நேரம், வழக்கமா குடுத்துகினு வந்த சலுகை, இதுல கை வெக்கணும்னா இருபத்தோரு நாளு முன்னாடி முறையா நோட்டீஸ் குடுக்கணும். ஒம்பது-ஏ பிரிவு. தொழிலாளிக்கும் குடுக்கணும், தொழிலாளர் துறைக்கும் காப்பி போவணும். போர்டுல ஏழு நாளுன்னு ஒட்டினது நோட்டீசே இல்ல. நீ எங்க கையெழுத்துப் போட்டிருந்தாலும் அது சட்டத்துக்கு மேல போவாது.”

“அப்ப ஜெயிச்சிட்டோம்.”

“மயிரு ஜெயிச்ச. மாத்தக் கூடாதுன்னு சட்டம் சொல்லல, சொல்லாம மாத்தக் கூடாதுன்னுதான் சொல்லுது. அதுக்கே மொதல்ல, இதான் எங்க வழக்கமா இருந்துச்சு, அத மாத்திட்டான்னு நீ காட்டணும். நெலையான லீவுன்னு ஒண்ணு எங்களாண்ட இருந்ததே இல்லன்னு அவன் சொன்னா, உன் கையில இன்னா கீது? சாம்பலு.”

நிர்வாகம் அப்படித்தான் சொன்னது. தொழிலாளர் துறை அலுவலகத்தில் சமரசப் பேச்சின் முதல் அமர்வு. ஹர்ஷவர்தன் இஸ்திரி கலையாமல் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் நிர்வாகத்தின் வக்கீல். அந்த நீலப் புத்தகம் வெறும் வரைவு, நடைமுறைக்கு வந்ததே இல்லை, வழிகாட்டிக் குறிப்பு மட்டும்தான் என்றார் வக்கீல். யாருக்கு எந்த நாள் ஓய்வு என்பதை எப்போதும் நிர்வாகத்தின் வசதிப்படிதான் கொடுத்தோம் என்றார். பழைய ரோஸ்டரை, அதாவது வேலை அட்டவணையைக் காட்டுங்கள் என்று சமரச அதிகாரி கேட்டார். கம்ப்யூட்டர் மாற்றியபோது அழிந்துவிட்டதாம். அந்த ஹேண்ட்புக்கை வைத்து யாரையாவது தண்டித்திருக்கிறீர்களா என்று கேட்டார்.

“நோ மேடம். ஒருத்தரையும் இல்லை” என்றார் ஹர்ஷவர்தன்.

இரண்டு நாள் சம்பளத்தை இழந்த நான் அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்து, என் மெமோ எரிந்துவிட்டது என்றா சொல்வது?

அதிகாரி அம்மா நிதானமானவர். “நான் நீதிபதி இல்லை. உத்தரவு போட மாட்டேன், பேசி முடிக்க மட்டும்தான் முடியும். முடியலேன்னா அரசுக்கு அறிக்கை அனுப்புவேன், அப்புறம் நீங்க தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அதுக்கு எத்தனை வருஷம் ஆகும்னு உங்களுக்கே தெரியும். அடுத்த அமர்வுக்கு ஏதாவது ஆவணம் கொண்டு வாங்க” என்று எங்களைப் பார்த்துச் சொன்னார்.

வெளியே வந்ததும் வெங்கடேசன் கேட்டார், “அந்த மெமோவுக்கு காப்பி உண்டா?”

உண்டு. யாரிடம் இருக்கிறது என்று சொல்லத்தான் எனக்கு மனசு வரவில்லை, சொன்னேன்.

அன்று சாயந்திரமே இரண்டு பேரும் ஜாய்ஸ் வீட்டுக்குப் போனோம். ரயில்வே லைனைத் தாண்டி ஒரு சந்து, இரண்டு அறை. கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும், “இன்னா, மன்னிப்புக் கடிதமா?” என்றாள். உள்ளே கட்டிலில் ஓர் ஆள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உடம்பு வற்றி, முகம் மட்டும் வீங்கி, இடது கையில் ஊசி போட்டுப் போட்டு நரம்பு கயிறு மாதிரிப் புடைத்திருந்தது. அவள் கணவர் சாம்.

“டயாலிசிஸ்” என்றாள், நாங்கள் கேட்காமலே. “வாரத்துக்கு ரெண்டு தபா. புதனும் சனியும். சனிக்கிழமை இவுரு தம்பி ஜான்சன் கூட்டிகினு போவான். புதன் நானு.”

ஒன்பது வருடம் அவள் புதன்கிழமை வரமாட்டாள் என்பது எனக்குத் தெரியும். என் ஓய்வும் புதன்தான் என்பதால், அன்றைக்கு அவள் முகத்தில் விழிக்கவில்லை என்று சாமிக்குக் கற்பூரம் ஏற்றுவேன். அவள் எங்கே போகிறாள் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அவளும் சொன்னதில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் மெஷின் நேரம் ஒருவருக்குக் குறித்தால் குறித்ததுதான். கிடைக்க அவர்கள் ஏழு மாதம் காத்திருந்தார்கள். புதிய ரோஸ்டர் வந்த பிறகு ஒரு புதனுக்கு ஜான்சன் கூலியை விட்டுவிட்டு வந்தான். அடுத்த புதனுக்கு ஆள் இல்லாமல் சாம் தனியாகவே பஸ் ஏறி, படியில் மயங்கி விழுந்தார். துணைக்கு ஆள் இல்லாமல் வராதீர்கள், இரண்டு முறை வராவிட்டால் காத்திருப்பவருக்குப் போய்விடும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். இதையெல்லாம் ஜாய்ஸ் சரக்குப் பட்டியல் வாசிப்பது மாதிரி சொன்னாள்.

வெங்கடேசன் விஷயத்தைச் சொன்னார். கார்பன் புத்தகத்தைக் கேட்டார். பிறகு அவர் மறைக்காமல் இன்னொன்றையும் சொன்னார். அதற்காக அந்த ஆளை நான் மதிக்கிறேன்.

“அம்மா, இதுல உங்களுக்கு ஒரு கண்ணி கீது. இந்தச் சட்டம் தொழிலாளிக்குத்தான். மேற்பார்வை வேலை பாக்கறவங்க, பத்தாயிரத்துக்கு மேல சம்பளம்னா, தொழிலாளி கணக்குல வரமாட்டாங்க. பேருக்கு சூப்பர்வைசர்னு போட்டிருந்தா பரவால்ல, உண்மையில இன்னா வேலை செய்யறீங்கன்றதுதான் கணக்கு. நீங்க பாதி நேரம் துணிதான் மடிக்கிறீங்கன்னு பூபாலன் சொல்றான். அத வெச்சி நான் வாதாடலாம். ஆனா இந்தப் புத்தகம் மேசைக்கு வந்துச்சுன்னா, நீங்க பதினாறு பேர் மேல அதிகாரம் பண்ணீங்கன்றதுக்கு உங்க கையெழுத்தே சாட்சி. மத்தவங்க தப்பிச்சிடுவாங்க. நீங்க மாட்டிப்பீங்க.”

கட்டிலில் இருந்து சாம் அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

“புத்தகம் இல்லன்னா?”

“இல்லன்னா எல்லாருமே மாட்டிப்பீங்க. நீங்களும் சேத்து.”

“அப்ப இதுல யோசிக்க இன்னா கீது?” என்று எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் மூன்று புத்தகங்கள். ஒன்பது வருடத்து மெமோ, தேதி வரிசையில், ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளை டேப் ஒட்டி வருடம் எழுதியிருந்தது. பேசாமல் வாங்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். வாய் சும்மா இருக்கவில்லை.

“எங்களுக்காக இவ்ளோ செய்யறீங்களே மேடம்” என்றேன்.

“உங்களுக்காகவா? த்தூ” என்றாள். “ஒருத்தரையும் தண்டிக்கலன்னு அந்தாளு சொன்னானாமே. அப்ப ஒம்போது வருசமா நான் எழுதினது இன்னா, கோலமா? என்னியப் பொய்க்காரி ஆக்கறான். அதுக்குத்தான் வரேன். நீ மாத்திகினது தப்பு, இப்பவும் தப்புதான்.”

இரண்டாவது அமர்வு ஒரு திங்கட்கிழமை. அதற்கு அவள் விடுப்பு விண்ணப்பம் கொடுத்திருந்தாள். காரணம் என்ற இடத்தில், ‘நிர்வாகம் தொழிலாளர் துறையில் சொன்ன தவறான தகவலைத் திருத்துவதற்கு’ என்று எழுதியிருந்தாளாம். அதைப் படித்ததும் ஹர்ஷவர்தனுக்கு டீ புரையேறியதாக ஹேமந்த் வந்து சொன்னான்.

அதிகாரியின் மேசையில் மூன்று புத்தகங்களையும் வைத்தாள். எழுபத்தொரு மெமோ. எழுபத்தொன்றிலும் விதி எண், விதியின் முழு வாசகம், தண்டனை, ஹர்ஷவர்தனின் கையெழுத்து. விதி இருபத்திரண்டு மட்டும் பதினொரு இடத்தில் இருந்தது. அதிகாரி என்னுடையதை எடுத்து உரக்கப் படித்தார். என் அப்பாவின் காரியத்துக்கு வந்த ‘ஏற்கத்தக்கதல்ல’ அரசு அலுவலகத்தில் ஒலித்தது.

“இதுல ரெண்டு வரி இருக்கு” என்றார் வக்கீலிடம். “நிர்வாகம் மாத்தாதுன்னு ஒரு வரி, தொழிலாளி மாத்தக் கூடாதுன்னு ஒரு வரி. ரெண்டாவது வரிக்கு இவர்கிட்ட ரெண்டு நாள் சம்பளம் பிடிச்சிருக்கீங்க. அப்ப அது வரைவு இல்லை. முதல் வரி மட்டும் எப்படி வரைவு ஆச்சு? மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடமா?”

“மேடம், கடைசிப் பக்கத்துல மாற்றும் உரிமை நிர்வாகத்துக்குன்னு...”

“இருக்கட்டும். உரிமை இல்லைன்னு நான் சொல்லலை. வார ஓய்வு நாலாவது அட்டவணையில வருது. நோட்டீஸ் எங்க? எங்க அலுவலகத்துக்கு வந்த காப்பி எங்க?”

வக்கீல் ஹர்ஷவர்தனைப் பார்த்தார். ஹர்ஷவர்தன் தன் கையெழுத்தைப் பார்த்தார். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட காட்சியை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. சந்தோஷமாக இருந்தது, மறைக்க மாட்டேன்.

மூன்றாவது அமர்வில் ஒப்பந்தம் எழுதினார்கள். சுற்றறிக்கை வந்த நாளில் வேலையில் இருந்த தொழிலாளர்களுக்குப் பழைய ஓய்வு நாளே தொடரும். இனி மாற்ற நினைத்தால் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து, சங்கத்தோடு பேச வேண்டும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு ரோஸ்டர். சமரச அதிகாரியின் முன்னால் போட்ட ஒப்பந்தம் என்பதால் அங்கிருக்கும் எல்லாத் தொழிலாளர்களையும் கட்டும். கையெழுத்துப் போடும் நேரத்தில் வக்கீல் பேனாவை மூடினார்.

“ஒரு சொல் சேர்க்கணும் மேடம். சட்டம் சொல்கிற அர்த்தத்தில் ‘தொழிலாளர்’ மட்டும். திருமதி ஜாய்ஸ் அதில் வரமாட்டார். மாதம் இருபத்திரண்டாயிரம் சம்பளம், பதினாறு பேர் மேல் நடவடிக்கைக்குப் பரிந்துரை. ஆதாரம் உங்கள் மேசையிலேயே இருக்கிறது.”

வெங்கடேசன் வாயைத் திறந்து, துணி மடிப்பதைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார். அதிகாரி கையை உயர்த்தி அவரை நிறுத்திவிட்டு ஜாய்ஸிடமே கேட்டார்.

“உங்க முக்கியமான வேலை என்னம்மா?”

சொல்லடி, துணி மடிக்கிறேன் என்று சொல் என்று நான் மனசுக்குள் கத்தினேன். பாதி நேரம் அதைத்தான் செய்கிறாய், ஆள் பற்றாமல் பெட்ஷீட் மலைக்கு நடுவே உட்கார்ந்திருப்பாய், நான் பார்த்திருக்கிறேன். அவள் சட்டையில் இருந்த பித்தளைத் தகட்டை ஒரு தடவை தொட்டாள்.

“பதினாறு பேரை மேய்க்கிறேன் மேடம். நான் லீவு குடுத்தாதான் லீவு. நான் எழுதினாத்தான் மெமோ.”

வக்கீல் பேனாவைத் திறந்தார். நானும் செயலாளர் என்ற முறையில் கையெழுத்துப் போட்டேன். என் புதன்கிழமை எனக்குத் திரும்பக் கிடைத்தது. அவளுடைய புதன்கிழமை அவளுக்குக் கிடைக்கவில்லை. அவளுக்கு வேண்டுமானால் வேலை நியமனக் கடிதத்தை வைத்துக்கொண்டு சிவில் கோர்ட்டுக்குப் போகலாம் என்றார் வெங்கடேசன், பஸ் ஸ்டாண்டில், யார் முகத்தையும் பார்க்காமல். அந்தக் கடிதத்தில் ‘அவ்வப்போது திருத்தப்படும் விதிகளுக்கு உட்பட்டு’ என்று இருந்தது. அதைப் படித்துக் காட்டியதும் அவளேதான்.

அந்தச் சனிக்கிழமை ரோஸ்டர் வந்தது. நூற்று இருபது சொச்சம் பேருக்குப் பழைய நாள். ஜாய்ஸுக்குத் திங்கள். அடுத்த வாரம் வியாழன். அதற்கடுத்த வாரம் செவ்வாய். கம்ப்யூட்டர் போட்டது என்றார் ஹர்ஷவர்தன். கம்ப்யூட்டருக்குப் புதன் என்று ஒரு நாள் இருப்பதே மறந்துபோயிருந்தது.

முதல் புதனுக்கு ஜான்சன் போனான். அவனும் கூலிக்காரன், எத்தனை நாள் போவான்? அடுத்த செவ்வாய்க்கிழமை, துணி அடுக்கும் லினன் அறையில் அவள் தனியாக மடித்துக்கொண்டிருந்தாள். நான் போய் நின்றேன்.

“நாளைக்கி எனக்கு லீவு. ஆஸ்பத்திரிக்கு நான் போறேன்.”

“தேவையில்ல.”

“உங்களுக்கு இல்ல. அவுருக்கு.”

“இது ஆபீசு நேரம். ரூம் நூத்தி பதினாலு ரெடியா?”

“ரெடி இல்ல.”

“அப்ப இங்க இன்னாத்துக்கு நிக்கற?”

கேடுகெட்டவள். கடன்பட்டவன் மாதிரி அவள் முன்னால் காலம் முழுக்கக் குனிந்து நிற்க எனக்கு இஷ்டமில்லை, அதற்காகத்தான் கேட்டேன் என்று செங்கம்மாளிடம் அன்று சொன்னேன். அது முழு உண்மை இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, ஒப்பந்தத்தில் என் கையெழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் வெட்கமாக இருந்தது.

புதன்கிழமை காலை அவள் வீட்டுக்குப் போனேன். அவள் வேலைக்குக் கிளம்பியிருந்தாள். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. சாம் சட்டை மாட்டி, ஆஸ்பத்திரிக் கோப்பை மடியில் வைத்துத் தயாராக உட்கார்ந்திருந்தார். ஒரு தாளில் எத்தனை மணிக்கு மாத்திரை, எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம், எந்தப் பக்கம் பிடித்துப் படி ஏற்ற வேண்டும் என்று வரிசையாக எண் போட்டு எழுதியிருந்தாள். அவள் எழுதியதாயிற்றே, ஒரு வரிகூட விட முடியாது. நாலு மணி நேரம் மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். மனிதர் நல்லவர். என்னைப் பற்றி வீட்டில் நிறையக் கேள்விப்பட்டிருப்பதாகச் சொன்னார். நல்லதாக ஒன்றும் இல்லை என்றும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அன்றைக்கு ரத்த அழுத்தம் இறங்கி, வெகு நேரம் படுக்க வைத்துவிட்டார்கள். அவரை வீட்டில் விட்டு நான் திருக்கழுக்குன்றம் போய்ச் சேர இரவு பத்தரை. மறுநாள் காலை பஸ்ஸைத் தவற விட்டேன். ஓடி வந்து கைரேகை வைத்தபோது ஏழு மணி ஒன்பது நிமிடம்.

ஜாய்ஸ் லினன் அறை வாசலில் நின்றிருந்தாள். கையில் புதிய கார்பன் புத்தகம்.

“விதி பதினாலு” என்றாள்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எழுதட்டும் என்று நின்றேன். விதியை முதல் எழுத்திலிருந்து எழுதினாள். ஒன்பது நிமிடத் தாமதம் என்று எழுதினாள். காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும், என்னிடம் ஒன்றும் கேட்காமல், வேகமாக எழுதிவிட்டுப் புத்தகத்தைத் திருப்பினாள்.

‘முந்தின நாள் இவர் என் கணவரோடு ஆஸ்பத்திரியில் இருந்தார். கையேட்டில் இதற்கு விலக்கு இல்லை.’

கையெழுத்துப் போட்டேன். அசலைக் கிழித்து என்னிடம் நீட்டினாள்.

“இத்தயாவது போகிக்குக் கொளுத்தாத” என்றாள்.

எரிக்கவில்லை. அடுத்த புதனும் போனேன்.